குழுவுக்கு நிதி கேட்கும்போது உங்களைப் பற்றி எழுத வேண்டிய சிறு குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணம் கேட்பது குழுவுக்கு. பிறகு ஏன் என்னைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மகளிர் குழு, குடியிருப்புக் குழு, டியூஷன் வகுப்பு என்று நடத்துகிறவர்கள் விண்ணப்பப் பாரத்தோடு வரும்போது என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தடுத்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே தொகுத்து எழுதுகிறேன். மித்ரா, யாயாசான் ஹசானா, மாநில அரசின் மகளிர் திட்டம், தனியார் நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் என எதுவானாலும் இந்தப் பகுதியில் பெரிய வேறுபாடு கிடையாது.

உங்கள் குழு புதியது என்றால் அதற்குத் தணிக்கை செய்த கணக்கும் இருக்காது, ஆண்டறிக்கையும் இருக்காது. மதிப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, அவர் இதற்கு முன் பிறர் பணத்தையும் பிறர் நேரத்தையும் பொறுப்பாகக் கையாண்டிருக்கிறாரா? அறிமுகக் குறிப்பு இதற்குத்தான் பதில் சொல்கிறது. நல்லவர், சமூகப் பற்று உள்ளவர் என்று நிரூபிக்க அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை.

சுயவிவரம் வேறு, இது வேறா?

வேறுதான். சுயவிவரத்தில் பிறந்த தேதி, பள்ளி, வேலை எல்லாம் வரிசையாக வரும். அறிமுகக் குறிப்பு ஒரே பத்தி. அதில் இந்தத் திட்டத்துக்குத் தொடர்புள்ளவை மட்டும் இருக்கும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறிப்புக்குள் எழுத வேண்டாம். அவற்றுக்குப் பாரத்தில் தனிக் கட்டங்கள் உண்டு. நீங்கள் தேர்வானால் இந்தப் பத்தியை அப்படியே எடுத்து நிகழ்ச்சிப் புத்தகத்திலோ இணையப் பக்கத்திலோ போட்டுவிடுவார்கள். ஊரார் படிக்கக் கூடாத எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பெயரை மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே, a/p அல்லது a/l உட்பட, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். எல்லாரும் உங்களை வேறு பெயரால் அழைத்தாலும் சரி. வங்கிக் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பாரத்தில் இன்னொன்று, குறிப்பில் மூன்றாவது என்று இருந்தால் தெளிவு கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதம் வந்து சேர்ந்து நீங்கள் பதில் அனுப்புவதற்குள் நாள் ஓடிவிடும்.

எத்தனை சொற்கள் எழுத வேண்டும்?

பாரத்தில் சொல்லியிருந்தால் அதுதான். சொல்லவில்லை என்றால் 100 முதல் 150 சொற்கள் போதும். இணையப் பாரங்களில் பல நேரம் சொற்களை எண்ணுவதில்லை, எழுத்துகளை எண்ணுவார்கள், இடைவெளியையும் சேர்த்து. தமிழில் சுருக்கமாக வந்த பத்தி மலாயில் நீண்டுவிடும். நாம் ஒரே சொல்லில் சொல்வதை மலாயில் இரண்டு மூன்று சொற்களில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் தமிழில் 80, 90 சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டும்போது முக்கியமான வாக்கியம்தான் போய்விடுகிறது.

‘நான்’ என்று எழுதுவதா, ‘இவர்’ என்று எழுதுவதா?

‘இவர்’. வேறொருவர் உங்களை அறிமுகப்படுத்துவதுபோல எழுதுங்கள். பாரத்தின் கேள்வியே ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று நேராகக் கேட்டால் ‘நான்’ என்று எழுதலாம். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ‘இவர்’ என்று எழுதுவதில் ஒரு நன்மை இருக்கிறது. ‘நான் பதினான்கு பேரின் கணக்கைப் பார்க்கிறேன்’ என்று சொல்லத் தயங்குகிறவர் ‘இவர் பார்க்கிறார்’ என்று தயங்காமல் எழுதிவிடுவார்.

நான் வீட்டோடு இருப்பவள். பதவி, வேலை எதுவும் இல்லை. என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

இதற்கு ஓர் உதாரணத்தோடுதான் பதில் சொல்ல முடியும். செந்தூல் வட்டாரத்து பி.பி.ஆர். அடுக்குமாடியில் இருக்கும் அக்கா ஒருவர், உணவு வணிகப் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதி வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘சிறு வயது முதலே சமூக சேவையில் ஆர்வம் கொண்டவர். பெண்கள் முன்னேற வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு அயராது உழைத்து வருபவர். எல்லாரிடமும் அன்பாகப் பழகும் குணம் கொண்டவர்.’ இவை பொய்யல்ல. ஆனால் இதே மூன்று வாக்கியங்களை அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எல்லாருமே எழுதலாம். படிக்கிறவருக்கு இந்த அக்காவைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

அவரிடம் குணத்தைப் பற்றிக் கேட்காமல் மாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மாதம் பிறந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? முதல் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பெண்களிடம் ஆளுக்கு 30 ரிங்கிட் சேமிப்பு வாங்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பணம் எங்கே இருக்கிறது? இரண்டு பேர் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில். அதன் பிறகு? மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்கி வருவார். தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் வந்தால் யாருக்கு எத்தனை கிலோ என்று பிரித்துக் கொடுப்பார். சுகாதாரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? அவரும் இன்னும் எட்டுப் பேரும் உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போய், தைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் இதைக் கேட்கின்றன. பலர் செய்யாமல் விடுவதை இந்தக் குழு செய்து முடித்திருக்கிறது. அது தம் குறிப்பில் இடம்பெற வேண்டிய விஷயம் என்றே அந்த அக்காவுக்குத் தோன்றியிருக்காது. குழுவுக்கு முன்னால்? 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது, தம் புளோக்கில் எந்த வீட்டுக்கு அரிசி போனது, எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று பட்டியல் வைத்திருந்தவர் அவர்தான்.

இவ்வளவையும் கேட்ட பிறகு குறிப்பு இப்படி அமையும்:

‘திருமதி (பெயர்), கோலாலம்பூர் செந்தூலில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் 14 பெண்கள் கொண்ட உணவுத் தயாரிப்புக் குழுவை 2021 முதல் ஒருங்கிணைத்து வருகிறார். மாதச் சேமிப்பைப் பெற்றுக் கணக்கு எழுதுவதும், மூலப் பொருள்களை மொத்தமாக வாங்குவதும், தீபாவளி ஆர்டர்களைப் பகிர்ந்து கொடுப்பதும் இவரது பொறுப்பு. 2024ஆம் ஆண்டில் குழு 4,770 ரிங்கிட் சேமித்தது. இவரும் உறுப்பினர்கள் எட்டுப் பேரும் உணவு கையாள்வோர் பயிற்சியை முடித்துத் தைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது இதே குடியிருப்பில் 60 குடும்பங்களுக்கான உணவுப் பொருள் பட்டியலைத் தயாரித்துப் பராமரித்தார். இல்லத்தரசியான இவர் தமிழும் மலாயும் பேசுவார். கணக்கைத் தமிழில் எழுதுகிறார். குழுவின் முறுக்கைக் கடைகளில் விற்பதற்குத் தேவையான பொட்டல முறையையும் லேபிள் விதிகளையும் இந்தப் பயிற்சியில் கற்க விரும்புகிறார்.’

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது கணக்கு வைக்கத் தெரிந்த, வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த, விதிகளை மதிக்கிற ஒருவர் தெரிகிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருப்பதையும் பாருங்கள். சேமிப்புக்கு நோட்டுப் புத்தகமும் வங்கிக் கணக்கறிக்கையும், பயிற்சிக்குச் சான்றிதழ், பட்டியலுக்கு அந்தப் பழைய பட்டியலே. தாள் காட்ட முடியாத வாக்கியம் என்றால் அதை எழுதுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

முதல் வாக்கியத்தில் எதைச் சொல்ல வேண்டும்?

யார், எங்கே, எத்தனை பேரோடு, எப்போதிலிருந்து, என்ன வேலை. மேலே உள்ள உதாரணத்தின் முதல் வாக்கியத்தில் இந்த ஐந்தும் இருக்கின்றன. நூறு விண்ணப்பங்களைப் படிக்கிறவர் முதல் வாக்கியத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாலும் உங்களைப் பற்றி அவருக்கு ஏதோ ஒன்று நினைவில் நிற்கும். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், எத்தனையாவது பிள்ளை என்று தொடங்குவது நம்மிடையே வழக்கம்தான். அது மணிவிழா மலருக்குப் பொருந்தும்.

கடைசி வாக்கியத்தை இந்தத் திட்டத்துக்கென்றே எழுதுங்கள். வெவ்வேறு திட்டங்களுக்கு ஒரே குறிப்பை அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். நடுப்பகுதி அப்படியே இருக்கட்டும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாக எழுதுங்கள்.

எண்கள் போடச் சொல்கிறீர்கள். சரியான கணக்கு இல்லையே, தோராயமாக எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எதிலிருந்து எண்ணினீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். 60 குடும்பங்கள் என்பது அந்தப் பட்டியலில் உள்ள வரிகளை எண்ணிக் கிடைத்தது. பட்டியல் தொலைந்து போயிருந்தால் ‘ஒரு புளோக்கில் இருந்த குடும்பங்களுக்கு’ என்று எழுதலாம். அதுவும் உண்மைதான், யாராலும் மறுக்க முடியாது. ‘நூற்றுக்கணக்கான’, ‘எண்ணற்ற’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள். படிக்கிறவருக்கு அவற்றால் பயனில்லை.

சேமிப்புத் தொகையில்தான் அதிகக் கவனம் வேண்டும். பதினான்கு பேர், ஆளுக்கு 30 ரிங்கிட், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் 5,040 வரும். பலர் இந்தப் பெருக்குத் தொகையை எழுதிவிடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் ஒன்பது தவணைகள் வராமல் போயிருக்கும், உண்மைத் தொகை 4,770. விண்ணப்பத்தோடு இணைக்கும் வங்கிக் கணக்கறிக்கையிலும் அதுதான் இருக்கும். 5,040 என்று எழுதியவர் 270 ரிங்கிட் வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார், ஒரு காசும் தவறாகக் கையாளாமலேயே. 4,770 என்று எழுதியவரின் தொகை கணக்கறிக்கையோடு ஒத்துப்போகும். முழுத்தொகை வரவில்லையே என்று எந்த மதிப்பீட்டாளரும் குறை சொல்ல மாட்டார். தவணை தவறுவது எல்லாக் குழுவிலும் நடப்பது.

ஒரு குறிப்பில் நான்கைந்து எண்கள் போதும். அதற்கு மேல் போனால் எதுவும் மனத்தில் நிற்காது.

எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. ‘சங்கத் தலைவி’ என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு ‘சங்கம்’ என்ற வரையறைக்குள் வருகிறது, அது சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத குழுவைச் சங்கம் என்றும், உங்களை அதன் தலைவி என்றும், இன்னொருவரைச் செயலாளர் என்றும் எழுதினால் மதிப்பிடுகிறவர் அடுத்துக் கேட்பது பதிவு எண்தான். நீங்கள் கொடுக்க முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போது பதவிப் பெயர் மேலும் சிக்கலை உண்டாக்கும்.

செய்கிற வேலையைச் சொல்லுங்கள். ‘ஒருங்கிணைக்கிறார்’, ‘கணக்கைப் பார்க்கிறார்’ என்பவை பதவிப் பெயர்கள் அல்ல, நடக்கும் உண்மை. உதாரணத்தில் அந்த அக்காவுக்குப் பதவி எதுவும் கொடுக்காமல் விட்டது இதனால்தான்.

பல திட்டங்கள் பதிவு பெற்ற அமைப்புக்கு மட்டுமே நேரடியாகப் பணம் கொடுக்கும். அப்போது பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்: அதன் செயலவை உங்கள் குழுவை ஒரு திட்டமாக ஏற்று, தன் வங்கிக் கணக்கில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும். குறிப்பில் ‘(சங்கத்தின் பெயர்) ஆதரவில் இயங்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளர்’ என்று வரும். அந்தச் சங்கத்திடமிருந்து கடிதம் வாங்கிய பிறகுதான் இப்படி எழுத வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. செயலவை மாறினால் வாய்ப்பேச்சும் மாறிவிடும். காலப்போக்கில் சொந்தப் பதிவுக்கு முயல்வது நல்லது. கூட்டாகப் பொருள் வாங்கி விற்பதுதான் முதன்மை வேலை என்றால் கூட்டுறவு ஆணையத்தின் கீழ் கூட்டுறவுக் கழகமாகப் பதிவது பற்றியும் விசாரித்துப் பாருங்கள்.

நான் பல ஆண்டுகளாகச் சீட்டு பிடிக்கிறேன், ஒருவர் பணமும் போனதில்லை. அதையே என் அனுபவமாக எழுதலாமா?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மிக நாணயமானவர்கள். ஆனாலும் எழுத வேண்டாம். மாதா மாதம் எல்லாரும் பணம் போட்டு ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சீட்டைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் பதிவு செய்து சீட்டு நிறுவனம் நடத்த வழி உண்டு, அதனால் இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அரசு சார்ந்த நிதிக்கான விண்ணப்பத்தில் ‘சீட்டு நடத்துகிறார்’ என்று எழுதினால் உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகலாம். வட்டிக்குக் கடன் கொடுப்பதும் அப்படியே. அதற்கு 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் வேண்டும்.

சீட்டைச் ‘சேமிப்புக் குழு’ என்று பெயர் மாற்றி எழுதுவதும் சரியல்ல. செந்தூல் உதாரணத்தில் அவரவர் போட்ட பணம் அவரவர் பெயரிலேயே குறிக்கப்பட்டு அவரவருக்கே திரும்புகிறது, சுழற்சியில் ஒருவர் எடுப்பதில்லை. நேர்காணலில் ‘இந்த மாதம் யார் எடுத்தார்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லையா என்று யோசித்துப் பாருங்கள். இருக்கும். அமானா இக்தியாரில் கடன் பெற்ற பெண்கள் பலர் ஐந்து பேர் கொண்ட குழுவில் இருந்திருப்பார்கள். சிலர் பல குழுக்கள் கூடும் மையத்துக்குத் தலைமை ஏற்று, கூட்டம் நடத்தி, தவணையைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அது முறையான, சான்று உள்ள நிதிப் பொறுப்பு. அதைத் தாராளமாக முதல் வாக்கியத்திலேயே எழுதலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர், கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கு ஆகியவையும் அப்படித்தான், கணக்குப் புத்தகம் இருக்கும்வரை.

எஸ்.பி.எம். முடிக்கவில்லை. படிப்பைப் பற்றி என்ன எழுதுவது?

பாரத்தில் தனிக் கட்டம் இருந்தால் அங்கே உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். குறிப்பில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளிப் படிப்புக்குப் பதிலாக எந்த மொழியில் பேசுவீர்கள், எந்த மொழியில் எழுதுவீர்கள், கணக்கு எப்படி வைக்கிறீர்கள் என்று சொல்வது பயனுள்ளது. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு அது தெரிந்தால்தான் தமிழில் விளக்க ஆள் வைக்க முடியும். மலாயில் அறிக்கை எழுத முடியாது என்றால் அதை மறைக்காமல், அறிக்கை எழுதப் போகிறவர் யார் என்று திட்ட விவரத்தில் சொல்லிவிடுங்கள்.

கணவர் விட்டுப்போன பிறகு பட்ட கஷ்டத்தை எழுதினால் உதவி கிடைக்கும் என்கிறார்கள். எழுதலாமா?

உங்கள் வாழ்க்கையைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை, அதில் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இது நலத்தொகைக்கான மனு அல்ல. குழுவை நடத்தும் பொறுப்புக்கான விண்ணப்பம். உங்கள் துன்பம் உங்கள் வேலையை விளக்குகிறது என்றால் ஒரு வாக்கியம் போதும்: ‘தனித்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் இவர், அதே நிலையில் உள்ள பெண்களைச் சேர்த்து இந்தக் குழுவைத் தொடங்கினார்.’ குடும்ப வருமானம், பி40 பிரிவு பற்றிய விவரங்களுக்குப் பாரத்தில் இடம் உண்டு. நான் முன்பே சொன்னதுபோல இந்தப் பத்தி வெளியே அச்சாகலாம், உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் யாராவது படிக்கலாம். அதை நினைத்து முடிவெடுங்கள்.

உறுப்பினர்களின் கதையை எழுதுவதில் நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். ‘குடிகாரக் கணவரால் துன்புற்ற பெண்ணை மீட்டார்’ என்று பெயர் போடாமல் எழுதினாலும், பதினான்கு பேர் உள்ள குழுவில் அது யார் என்று அந்த புளோக்குக்கே தெரியும். அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. சம்மதித்தாலும் உங்கள் குறிப்பில் அதற்குத் தேவை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

பி.ஜே.கே. விருது, நற்சான்றிதழ்கள், அமைச்சரோடு எடுத்த படம் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்க்கட்டுமா?

மாநில விருது பெற்றிருந்தால் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போடுங்கள், அது உங்கள் உரிமை. தனி வாக்கியம் வேண்டாம். கலந்துகொண்டதற்கான சான்றிதழ்களை விட்டுவிடுங்கள். படத்துக்கு இடம் கேட்டிருந்தால் முகம் தெளிவாகத் தெரியும் தனிப் படம் போதும்.

கட்சிக் கிளையில் பொறுப்பில் இருக்கிறேன். சொல்லலாமா, மறைக்கலாமா?

பாரத்தில் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், மறைப்பது பின்னால் நிதியைத் திரும்பக் கேட்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். கேட்கவில்லை என்றால் குறிப்பில் அதை முன்னிறுத்த வேண்டிய தேவை இல்லை. கிளை வழியாகச் செய்த வேலை குழு வேலையோடு கலந்திருந்தால் பிரித்துப் பாருங்கள்: அந்த வேலை கட்சி உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைத்ததா? கிடைத்தது என்றால் அதைக் குடியிருப்பு வேலையாக எழுதலாம். கட்சிப் பணம், கட்சி மேடை என்றால் அது வேறு கணக்கு.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. என் குறிப்பில் நான் செய்ததாக எழுதினால் மற்றவர்கள் வருத்தப்பட மாட்டார்களா?

வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். விண்ணப்பத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று பொறுப்பாளர்களின் குறிப்புகளைக் கேட்பார்கள். பிறையில் மாலை நேர டியூஷன் வகுப்பு நடத்தும் மூன்று நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூவரும் தனித்தனியாக எழுதினால் மூன்று குறிப்பிலும் ‘40 மாணவர்களுக்கு இலவச வகுப்பைத் தொடங்கி நடத்தி வருகிறார்’ என்றே இருக்கும். மதிப்பிடுகிறவர் அடுத்தடுத்துப் படிக்கும்போது, யார் எதற்குப் பொறுப்பு என்று இவர்களுக்கே தெரியாதோ என்று நினைப்பார்.

மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்து எழுதுங்கள். ஒருவர் மண்டபத்துக்கு அனுமதி வாங்குகிறார், வாடகை கட்டுகிறார். ஒருவர் ஆசிரியர்களை அமர்த்தி அட்டவணை போடுகிறார். ஒருவர் வருகைப் பதிவையும் பெற்றோர் கூட்டத்தையும் கவனிக்கிறார். ஒருவர் குறிப்பில் ‘மூவர் சேர்ந்து நடத்தும் வகுப்பில் ஆசிரியர் அட்டவணைக்குப் பொறுப்பானவர்’ என்று வரும். பங்கு சிறியதாகத் தெரிகிறதே என்று தயங்குகிறார்கள். ஆனால் மூன்று குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு ஒழுங்காக நடக்கும் ஓர் அமைப்பு தெரியும், ஒருவர் ஊருக்குப் போனால் எது நிற்கும், எது நிற்காது என்பதும் தெரியும். கணவன் மனைவி இருவரும் பொறுப்பாளர்கள் என்றால் உறவைச் சொல்லிவிடுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்தும் ஒரே வீட்டிலிருந்து வருமா என்பது அவர்களுக்கு முக்கியம்.

முன்பு ஒரு நிதி வாங்கினோம், இறுதி அறிக்கை கொடுக்கத் தாமதமாகிவிட்டது. அந்தத் திட்டத்தை எழுதாமல் விடலாமா?

அதே நிறுவனத்திடம் மீண்டும் கேட்கிறீர்கள் என்றால் அவர்களிடம் கோப்பு இருக்கும், விட்டுப் பயனில்லை. வேறு இடம் என்றாலும் ‘இதற்கு முன் பெற்ற நிதி’ என்ற கட்டம் அநேகமாக இருக்கும். குறிப்பில் திட்டத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதி, தாமதத்தின் காரணத்தை அந்தக் கட்டத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். அறிக்கை இன்னும் கொடுக்கவில்லை என்றால் புதிய விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

மலாயில் எழுத வராது. மகன் எழுதித் தருகிறான். அது போதுமா?

போதும். முதலில் நீங்கள் தமிழில் சொல்லி எழுதி முடியுங்கள், பிறகு அவர் மலாயில் எழுதட்டும். நேராக மலாயில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் அலுவலகக் கடிதங்களில் பார்த்த பெரிய சொற்களைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். முதல் பதிலில் நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய புகழுரை அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். ‘ஒருங்கிணைக்கிறார்’ என்று நீங்கள் சொன்னது மலாயில் சங்கத் தலைவருக்கான பெங்கெருசி ஆகிவிட்டதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பதிவு இல்லாத குழுவுக்கு அது ஏன் ஒத்துவராது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

எழுதி முடித்ததும் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்லாத எதுவும் அதில் வந்தால் எடுத்துவிடுங்கள். நேர்காணலில் கேள்விகள் இந்தப் பத்தியிலிருந்துதான் வரும்: ‘60 குடும்பங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பட்டியலை எப்படித் தயாரித்தீர்கள்?’ பக்கத்தில் மகன் இருக்க மாட்டார். அந்தப் பழைய பட்டியல், நோட்டுப் புத்தகம், வங்கிக் கணக்கறிக்கை, பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் குறிப்பில் வரும் அதே வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மலாயில் திக்கினால் தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடலாம்.